பேச்சின் முதல் 90 விநாடி: நிலைமை, சிக்கல், கேள்வி, விடை

வணிகக் கூட்டத்தில் பேச எழும்புகிறவர் பெரும்பாலும் தான் கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்லத் தொடங்குவார். கணக்கு எடுத்தோம், அட்டவணை போட்டோம், இது தெரியவந்தது, ஆகவே இதைச் செய்யலாம். கண்டுபிடித்தவருக்கு அந்த வரிசை இயல்பானது. கேட்பவருக்கோ கடைசி வரி வரும்வரை முன்னால் சொன்ன அட்டவணைகள் எதற்கு என்று விளங்காது. ஏழாவது நிமிடத்தில் ஒரு பணிப்பாளர் இடைமறித்து, “சரி, இப்ப எங்களை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?” என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பேச்சின் தொடக்கம் பிழையாகிவிட்டது என்று பொருள்.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படும் நாலு படி ஒழுங்கு, பார்பரா மின்டோவின் பெயரோடு சேர்ந்தது. 1963இல் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த இவர், 1966இல் லண்டனுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஐரோப்பியக் கிளைகளில் இருந்தவர்களின் எழுத்தைச் சீர்செய்யும் வேலையைப் பார்த்தார். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஆனால் அறிக்கைகள் விளங்காமல் போனதற்கு மொழியைவிடச் சிந்தனையின் அடுக்குதான் காரணம் என்று அவர் கண்டார். ஒரே மேசையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் புழங்கும் கொழும்புக் கூட்டங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நல்ல ஆங்கிலத்தில் சொன்னாலும் அடுக்குப் பிழைத்தால் விளங்காது.

நாலு உறுப்பும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதம்

நிலைமை என்பது கேட்பவர் ஏற்கனவே அறிந்த, மறுக்க முடியாத ஒன்று. சிக்கல் என்பது அந்த நிலைமைக்குள் நேர்ந்த மாற்றம். கேள்வி என்பது அந்த மாற்றத்தைக் கேட்டதும் கேட்பவரின் மனதில் தானாக எழுவது. விடை என்பது அந்தக் கேள்விக்கு உங்கள் ஒரே பதில். உங்கள் முழுப் பேச்சின் சாரமும் அதுவே.

‘சிக்கல்’ என்ற சொல்லைப் பலர் ‘பிரச்சினை’ என்று எடுத்துவிடுகிறார்கள். நேராக ஓடிக்கொண்டிருந்த நூலில் ஒரு முடிச்சு விழுவதைத்தான் தமிழில் சிக்கல் என்கிறோம். இங்கேயும் அந்தப் பொருளே சரி. முடிச்சு நல்ல செய்தியாகவும் இருக்கலாம். உதாரணமாக, எதிர்பாராமல் ஒரு பெரிய ஹோட்டலிடமிருந்து ஓடர் வந்திருக்கிறது, களஞ்சியத்தில் இடமில்லை. நூல் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்பவர் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்காகத்தான் நிலைமை முன்னால் வருகிறது.

விடைக்குப் பிறகும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல விடை உடனே இன்னொரு கேள்வியைக் கிளப்பும்: “ஏன் அப்படி?” அல்லது “எப்படிச் செய்வது?” பேச்சின் உடல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாக அமைய வேண்டும். ஆகவே தொடக்கத்தைச் சரியாக எழுதினால் மிச்சப் பேச்சின் அமைப்பும் தானாகவே தீர்மானமாகிவிடும்.

கையில் எடுக்கும் வழக்கு

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் பிளாஸ்டிக் வீட்டுச் சாமான் மொத்த வியாபாரம். வடக்கிலும் கிழக்கிலும் 240 கடைகளுக்கு 45 நாள் கடனில் சாமான் போகிறது. நாளொன்றுக்குச் சராசரிக் கடன் விற்பனை 1 மில்லியன் ரூபா. கடைகள் சொன்ன நாளில் கட்டினால் வெளியே நிற்கும் காசு 45 மில்லியன். ஆனால் இப்போது பேரேட்டில் நிற்பது 68 மில்லியன். நிலுவையை நாள் விற்பனையால் வகுத்தால் காசு திரும்ப 68 நாள் ஆகிறது என்று வரும். வித்தியாசம் 23 மில்லியன். அதை வங்கி மேலதிகப்பற்றில் எடுத்து ஓட்டுகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று கொண்டால் வருடம் 3.22 மில்லியன், மாதம் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம்.

கடன் பிரிவு முகாமையாளர் இதை முதலாளிக்கும் அவரது இரு மகன்களான பணிப்பாளர்களுக்கும் விற்பனை முகாமையாளருக்கும் 15 நிமிடத்தில் சொல்ல வேண்டும். அவருடைய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வையுங்கள்:

“அனைவருக்கும் வணக்கம். எமது நிறுவனம் நீண்ட காலமாக நாடு முழுவதும் நம்பிக்கையான பெயரைப் பெற்றுள்ளது. இன்றைய பொருளாதாரச் சூழலில் வியாபாரம் பல சவால்களை எதிர்நோக்குகின்றது. விற்பனைப் பிரிவு கட்டுப்பாடின்றிக் கடன் கொடுப்பதால் நிலுவை கூடியுள்ளது. டொலர் விலை, லொறிச் செலவு, வற் வரி என்பனவும் எம்மைப் பாதிக்கின்றன. இந்நிலையில் நாம் கடன் மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கலாமா என்பது பற்றி ஆராய வேண்டியுள்ளது.”

பேச்சு முறையாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் இதற்குள் ஆறு முறிவுகள் இருக்கின்றன. திருத்தி எழுதும் வழியில் ஒவ்வொன்றாக வரும்.

எழுதும் வரிசை வேறு, பேசும் வரிசை வேறு

நிலைமையிலிருந்து எழுதத் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்குபவர்தான் நிறுவன வரலாற்றுக்குள் போய் விழுகிறார். எதற்காக நிலைமை சொல்கிறோம் என்று தெரியாதபோது எல்லாமே நிலைமையாகத் தெரியும். பின்னிருந்து முன்னுக்கு எழுதுங்கள்.

*முதற் படி: அறையில் முடிவெடுப்பவர் யார், அவர் எழும்பிப் போகும்போது எதைத் தீர்மானித்திருக்க வேண்டும்?* இதைத் தாளில் ஒரே வரியில் எழுதவும். நம் வழக்கில்: “முதலாளி, நிலுவை வைத்திருக்கும் கடைகளுக்குப் புதுச் சாமான் ஏற்றுவதில் ஒரு விதியை அங்கீகரிக்க வேண்டும்.” ஆறு பேர் இருக்கும் அறையில் ஆறு பேருக்கும் பேச முயலக் கூடாது. முடிவு ஒருவர் கையில் இருந்தால் நிலைமையும் சிக்கலும் அவர் அறிந்ததிலிருந்தே புறப்பட வேண்டும்.

*இரண்டாம் படி: கேள்வி.* வணிகப் பேச்சுகளில் கேள்வி பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கிவிடும். என்ன செய்வது? இதைச் செய்யலாமா? எப்படிச் செய்வது? ஏன் இப்படி நடந்தது? எது உங்களுடையது என்று தீர்மானியுங்கள். கேட்பவருக்குக் காரணம் ஏற்கனவே தெரியும் என்றால் “ஏன் நடந்தது” என்று கேட்டு நேரத்தைச் செலவழிப்பது அவரை அவமதிப்பது போலாகும்.

தமிழில் இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேள்வியை ‘-ஆ’ என்று முடிக்கிறோமா, ‘எந்த’, ‘எப்படி’ என்று தொடங்குகிறோமா என்பது அறையின் போக்கையே மாற்றிவிடும். “கடனை நிறுத்தலாமா?” என்று கேட்டால் அங்கேயே வாக்கெடுப்பு தொடங்கிவிடும். விற்பனை முகாமையாளர் “நிறுத்தவே ஏலாது, கடை மற்றக் கொம்பனிக்குப் போய்விடும்” என்பார், முதலாளி தலையாட்டுவார், நீங்கள் இன்னும் விடையே சொல்லவில்லை. “விற்பனை குறையாமல் எந்தக் கடைகளின் கடனை இறுக்குவது?” என்று கேட்டுப் பாருங்கள். இறுக்க வேண்டும் என்பது சிக்கலிலிருந்தே பெறப்பட்டுவிட்டது. விற்பனை குறையக் கூடாது என்ற முகாமையாளரின் கவலையும் கேள்விக்குள் இடம்பிடித்துவிட்டது. எதிர்ப்பதற்கு அவருக்குப் பிடி இல்லை. ‘-ஆ’ கேள்வியைத் தவிர்க்கவே வேண்டும் என்பதில்லை. ஒருவர் ஏற்கனவே ஒரு யோசனையைச் சொல்லி, அதை ஏற்பதா விடுவதா என்று தீர்ப்புக் கேட்கும் கூட்டத்தில் ‘-ஆ’தான் நேர்மையான கேள்வி.

முதல் வரைவின் பெரிய முறிவு இங்கேதான். காசு தாமதமாக வருகிறது என்ற சிக்கலிலிருந்து “மென்பொருள் வாங்கலாமா” என்ற கேள்வி யாருக்கும் தானாக எழாது. பேசுபவர் மனதில் முன்பே ஒரு விடை இருந்திருக்கிறது, அதற்கு ஏற்றபடி கேள்வியை வெட்டியிருக்கிறார். கேட்பவர்களுக்கு இது உடனே மணக்கும். ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

*மூன்றாம் படி: விடை.* யார், எதை, எப்போதிருந்து என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். “ஆராய வேண்டும்”, “கவனம் செலுத்த வேண்டும்” என்பவை விடைகள் அல்ல. அவற்றை அங்கீகரிப்பதற்கும் மறுப்பதற்கும் ஒன்றுமில்லை. நம் முகாமையாளர் பேரேட்டைக் கடைவாரியாகப் பிரித்தபோது, தவணை தாண்டிய 23 மில்லியனில் 15 மில்லியன் 40 கடைகளிடம் நிற்பது தெரிந்தது. ஆகவே விடை: “வரும் மாதம் முதலாம் திகதியிலிருந்து, அந்த 40 கடைகளுக்கு மட்டும், 60 நாள் தாண்டிய பில் கட்டப்படும்வரை புதுச் சாமான் ஏற்றுவதில்லை. மற்ற 200 கடைகளுக்கு எதுவும் மாறாது.”

விடையைக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்து உரக்க வாசியுங்கள். ‘எந்தக் கடைகள்’ என்று கேட்டோம், ‘40 கடைகள்’ என்கிறோம். ‘விற்பனை குறையாமல்’ என்றோம், ‘மற்ற 200க்கு மாற்றமில்லை’ என்கிறோம். இரண்டும் பொருந்துகின்றன. கேள்வியில் உள்ள ஒரு சொல்லுக்கு விடையில் பதில் இல்லாவிட்டால், அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் முதல் இடைமறிப்பு வரும்.

*நாலாம் படி: நிலைமை.* இப்போதுதான் இதை எழுத வேண்டும். சோதனை எளிது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சொன்ன பிறகு, முடிவெடுப்பவர் மனதுக்குள் “ஓம், அதுக்கென்ன?” என்று சொல்ல வேண்டும். “ஓம்” என்றால் உடன்படுகிறார், “அதுக்கென்ன” என்றால் அடுத்ததைக் கேட்க ஆயத்தமாகிவிட்டார். “இல்லையே” என்று சொல்லக்கூடிய எதுவும் நிலைமையில் இருக்கக் கூடாது. “விற்பனைப் பிரிவு கட்டுப்பாடின்றிக் கடன் கொடுக்கிறது” என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும் அது ஒரு தீர்ப்பு. அதைச் சொன்ன கணத்திலேயே விற்பனை முகாமையாளர் தன் தற்காப்பை மனதில் எழுதத் தொடங்குவார், மிச்சம் எதுவும் அவர் காதில் விழாது.

மறுபக்கம், எவரும் மறுக்காத வெற்று வாக்கியங்கள். “நீண்ட காலமாக நம்பிக்கையான பெயர்”, “இன்றைய பொருளாதாரச் சூழல்” என்பவற்றை இன்னொரு கொம்பனியின் பேச்சிலும் அப்படியே ஒட்டலாம். ஒட்ட முடிந்தால் வெட்டுங்கள். நிலைமையில் வரும் ஒவ்வொரு பொருளும் பிறகு சிக்கலில் திரும்பி வர வேண்டும். 45 நாள் என்று நிலைமையில் சொன்னால், சிக்கலில் 68 நாள் என்று வரும். 240 கடை என்றால், விடையில் 40உம் 200உம் வரும். திரும்பி வராத எண்ணுக்கு நிலைமையில் வேலை இல்லை. இரண்டு அல்லது மூன்று வாக்கியம் போதும்.

குடும்ப நிறுவனங்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 45 நாள் கடன் என்பது பெரும்பாலும் முதலாளியே தொடங்கிய ஏற்பாடாக இருக்கும். அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது போல் பேச்சு தொடங்கினால் மகன்மார்கூட உங்களுக்குத் துணை வர மாட்டார்கள். அது எதைச் சாதித்தது என்பதை நிலைமையில் சொல்லிவிடுங்கள். 240 கடைகளைப் பிடித்துத் தந்தது அதுதான் என்றால் அது உண்மை, புகழ்ச்சி அல்ல. மாறியது காலம் என்பதைச் சிக்கலில் திகதியோடு சொல்லலாம்.

*ஐந்தாம் படி: சிக்கல்.* ஒன்றே ஒன்று. முதல் வரைவில் டொலர், லொறி, வற் எல்லாம் வரிசையில் நின்றன. நாலு சிக்கல் சொன்னால் நாலு கேள்வி எழும், நீங்கள் ஒன்றுக்குத்தான் விடை வைத்திருக்கிறீர்கள். இதில் வற் வரிதான் விட மனமில்லாத ஒன்று, ஏனென்றால் அதற்கும் நிலுவைக்கும் உண்மையாகவே தொடர்பு உண்டு. 2024 ஜனவரி 1இலிருந்து வீதம் 15இலிருந்து 18 ஆனது. கடைக்காரர் கட்டினாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். கடைக்காரர் 68ஆம் நாளில் தரும் காசிலுள்ள வரியை நிறுவனம் பல வாரங்களுக்கு முன்பே கையிலிருந்து கட்டிவிடுகிறது. வலுவான வாதம். ஆனால் தாமதத்தின் விளைவை அது இன்னும் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். வேறொரு சிக்கலாக அது நிற்பதில்லை. அதன் இடம் பேச்சின் உடலில், “ஏன் இப்பவே?” என்பதற்குப் பதிலாக.

சிக்கல் வாக்கியத்தை ‘ஆனால்’ என்று தொடங்குங்கள். எழுத்துத் தமிழில் நமக்குப் பழகிப்போன ‘இந்நிலையில்’, ‘அதேவேளை’ என்பவை காதுக்குத் திருப்பத்தைக் காட்டுவதில்லை. முன்னது தொடர்கிறது என்றே படும். இன்னொன்று, தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். “கடந்த ஆறு மாதங்களில் பல கடைகள் உரிய திகதியில் செலுத்தாமையால் ஏற்பட்ட நிலுவை அதிகரிப்பின் காரணமாக வங்கியில் பெறப்படும் மேலதிகப்பற்று...” என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், என்ன நடந்தது என்பது மூச்சு முடியும் இடத்தில்தான் தெரியும். பேச்சில் கேட்பவரால் பின்னுக்குப் போய் மறுபடி வாசிக்க முடியாது. ஒரு வினை, ஒரு வாக்கியம் என்று உடையுங்கள்.

எண்ணையும் கேட்பவரின் நாவுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். முதிய முதலாளிக்கு “2 கோடி 30 இலட்சம்” உடனே உறைக்கும். வங்கியோடும் கணக்காளரோடும் பழகிய மகன்மாருக்கு “23 மில்லியன்”. எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள். நடுவில் மாற்றினால் ஒவ்வொருவரும் மனதுக்குள் பூச்சியம் எண்ணத் தொடங்குவார்கள்.

திருத்திய தொடக்கம்

“வணக்கம் முதலாளி, வணக்கம் எல்லோருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் எங்களிடம் 240 கடைகள் இருக்கின்றன. 45 நாள் கடன் கொடுத்ததால்தான் அந்தக் கடைகள் எங்களோடு நிற்கின்றன.

ஆனால் ஆறு மாதமாக அந்தக் காசு 45 நாளில் வருவதில்லை. 68 நாள் ஆகிறது. இதனால் 2 கோடி 30 இலட்சம் ரூபா கூடுதலாக வெளியே நிற்கிறது. அதை நாங்கள் வங்கியில் எடுத்து ஓட்டுகிறோம். வட்டி மட்டும் மாதம் 2 இலட்சத்து 70 ஆயிரம்.

விற்பனை குறையாமல் எந்தக் கடைகளின் கடனை இறுக்குவது?

40 கடைகளை மட்டும் இறுக்கினால் போதும் என்பது எங்கள் கணிப்பு. வரும் முதலாம் திகதியிலிருந்து அவர்களிடம் 60 நாள் தாண்டிய பில் இருந்தால், அதைக் கட்டும்வரை புதுச் சாமான் ஏற்றுவதில்லை. மற்ற 200 கடைகளுக்கும் ஒன்றும் மாறாது.”

நிதானமாகச் சொன்னாலும் இது 90 விநாடிக்குள் முடிந்துவிடும். 15 நிமிடப் பேச்சுக்கு அதற்கு மேல் தொடக்கம் வேண்டியதில்லை. விடையைக் கேட்டதும் முதலாளி கேட்கப்போவது “ஏன் இந்த 40?” என்றுதான். ஆகவே உடல் அங்கிருந்து புறப்படுகிறது: தவணை தாண்டிய காசில் 15 மில்லியன், அதாவது ஒன்றரைக் கோடி, இவர்களிடம் நிற்கிறது, பின்திகதியிட்ட காசோலை திரும்பி வந்த பட்டியலில் இவர்களில் யார் யார் இருக்கிறார்கள், இவர்கள் வாங்கும் அளவு மொத்த விற்பனையில் எவ்வளவு, ஏற்றாமல் விட்டால் எத்தனை பேர் போய்விடக்கூடும். மூன்று மாதத்தில் அதில் ஒரு கோடி திரும்பினால்கூட வருடத்துக்கு 14 இலட்சம் வட்டி மிச்சம் என்ற கணக்கு கடைசியில் வரும். வற் வாதமும் இங்கேதான். எத்தனை பேர் போய்விடக்கூடும் என்ற கேள்விக்குப் பதில் கையில் இல்லாமல் இந்தப் பேச்சுக்குப் போகவே கூடாது. தொடக்கத்தில் “விற்பனை குறையாமல்” என்று நீங்களே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

ஸ்லைட் காட்டுவதானால் தொடக்கத்துக்கு ஒன்று போதும், அதில் 45, 68 என்ற இரண்டு எண்கள் மட்டும். 240 கடைகளின் அட்டவணையைத் திரையில் விட்டுவிட்டுச் சிக்கலைச் சொன்னால், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த கடையின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வரிசையை எப்போது மாற்றலாம்

உறுப்புகள் நாலும் இருக்க வேண்டும், ஆனால் பேசும் வரிசை மாறலாம். நேரமில்லாத ஆளிடம் விடையை முதலில் வையுங்கள்: “60 நாள் தாண்டிய பில்லைக் கட்டும்வரை 40 கடைகளுக்குச் சாமான் நிறுத்த உங்கள் அனுமதி வேண்டும், காரணம் இது.” மாடிப்படியில் முதலாளியைப் பிடித்தால் இதுதான் ஒரே வழி. அபாயம் அவசரமானது, அறையோ அசட்டையாக இருக்கிறது என்றால் சிக்கலை முதலில் போடலாம்: “மாதம் 2 இலட்சத்து 70 ஆயிரம் வட்டியாகப் போகிறது.” பிறகு நிலைமைக்கு வரலாம். கேள்வியை முதலில் வீசுவது கூர்மையான முறை. உங்களைவிட மூத்தவர்கள் இருக்கும் அறையில் அது பரீட்சை வைப்பது போல் ஒலிக்கும், எனவே அதை ஒத்த நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வயதில் மூத்தவர் முன்னால் விடையை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்துச் சிலர் விடையைக் கடைசி நிமிடம்வரை ஒளித்து வைக்கிறார்கள். மரியாதை வணக்கத்திலும் சொற்களிலும் இருக்கட்டும். “எங்கள் கணிப்பு” என்ற இரண்டு சொல் முடிவை முதலாளியிடமே விட்டுவிடுகிறது. விடையை ஒளிப்பதால் அவருக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டும்தான்.

ஒரு இடத்தில் மட்டும் பேச்சுக்கு முன்பே ஒரு வேலை இருக்கும். சிக்கல் அறையில் இருக்கும் ஒருவரின் பிழையைக் காட்டுகிறது என்றால், கூட்டத்துக்கு முதல் நாளே அவரிடம் எண்களைக் காட்டிவிடுங்கள். விற்பனை முகாமையாளர் 68 என்ற எண்ணை முதன்முறையாக முதலாளி முன்னால் கேட்டால், எவ்வளவு சீராக எழுதிய தொடக்கமும் அங்கேயே உடையும். அவர் எண்ணையே மறுப்பார், நீங்கள் கணக்கு முறையை விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.

அதே எண்கள், வேறு அறை

இதே நிறுவனம் சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்குச் சரக்குப் போட மேலதிகப்பற்று எல்லையைத் தற்காலிகமாக உயர்த்தக் கேட்டு வங்கிக்குப் போகிறது என்று வையுங்கள். முன்பு எழுதிய தொடக்கத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வங்கி முகாமையாளருக்கு 240 கடைகளின் கதை தெரியாது, தேவையுமில்லை. அவர் “ஓம்” என்று சொல்லக்கூடியது அவருடைய கோப்பில் இருப்பது மட்டுமே.

நிலைமை: “எங்களுக்கு நீங்கள் தந்திருக்கும் எல்லை 50 மில்லியன். அதற்குள்ளேயே நடத்தி வருகிறோம்.” சிக்கல்: “ஆனால் ஏப்ரல் விற்பனைக்கான சரக்குக்கு ஜனவரியிலேயே காசு கட்ட வேண்டும். அதனால் மே மாதம்வரை மட்டும் 10 மில்லியன் குறைகிறது.” முதலாளியின் கேள்வி ‘எந்தக் கடைகள்’ என்பதாக இருந்தது. வங்கியின் கேள்வி எப்போதும் ‘காசு எப்படித் திரும்பும்?’ என்பதுதான். “எல்லையை உயர்த்துவீர்களா?” என்பது உங்கள் கேள்வி, அவருடையது அல்ல. விடை: “40 கடைகளிடம் தவணை தாண்டி நிற்கும் 15 மில்லியனை இறுக்கி வாங்குகிறோம். அதிலிருந்து மே மாத முடிவுக்குள் 10 மில்லியனையும் அடைத்துவிடுவோம்.” உள்வீட்டுப் பேச்சில் சிக்கலாக இருந்த அதே நிலுவை, இங்கே விடைக்குள் வந்து நிற்கிறது. 68 நாள் என்பதை மறைக்கவும் கூடாது. வங்கிக்காரர் அதைக் கணக்கறிக்கையில் தானே கண்டுபிடிப்பார். உடலின் முதல் பகுதியிலேயே, இறுக்கும் விதியோடு சேர்த்துச் சொல்லிவிடுவது உத்தமம்.

பேசிப் பார்க்கும்போது

தாளைப் பார்க்காமல், விடயம் தெரியாத ஒருவரிடம் தொடக்கத்தைச் சொல்லுங்கள். சிக்கல் முடிந்ததும் நிறுத்தி, “இப்ப உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதிய கேள்விக்கு நெருக்கமாக இருந்தால் கண்ணிகள் பிடித்திருக்கின்றன. “ஏன் கடைக்காரர்கள் கட்டுவதில்லை?” என்று கேட்டால், சிக்கலில் வட்டியின் பாரம் போதாது, தாமதத்தின் காரணம்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பொருள்; அப்போது கேள்வியை மாற்றுவதைவிடச் சிக்கல் வாக்கியத்தைத் திருத்துங்கள். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் சிக்கலே விழவில்லை. அநேகமாக ‘ஆனால்’ என்ற சொல் எங்கோ ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் புதைந்திருக்கும்.

அறையில் சிங்களம் பேசும் பணிப்பாளர் ஒருவரும் இருந்தால், கேள்வியையும் விடையையும் மட்டுமாவது அவருடைய மொழியில் முன்கூட்டியே எழுதி, தெரிந்தவரிடம் காட்டி வைத்திருங்கள். நிலைமையையும் சிக்கலையும் ஆங்கிலத்தில் பின்தொடரலாம். முடிவெடுக்க வேண்டிய வாக்கியத்தைக் கூட்டத்தின் நடுவே மனதுக்குள் மொழிபெயர்க்கப் போனால் ‘60 நாள் தாண்டிய பில் இருந்தால்’ என்ற நிபந்தனைதான் முதலில் விழுந்துவிடும். அது விழுந்தால் 40 கடைகளுக்கும் சாமானே நிறுத்தப்போகிறோம் என்று அவர் விளங்கிக்கொண்டு எழும்புவார்.